ஆதார் இருக்கும்போது வீடு வீடாகப் போய் ஏன் தலை எண்ண வேண்டும்?

மாடிவீடு · 10 ஜனவரி 2026, இரவு 9.12

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 11,718 கோடி ரூபாய் செலவிட மத்திய அமைச்சரவை போன மாதம் ஒப்புதல் கொடுத்தது. சுமார் 30 லட்சம் பேர் களத்தில் இறங்கப் போகிறார்கள். ஆதார் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, வாக்காளர் பட்டியல் இருக்கிறது, பிறப்பு இறப்புப் பதிவும் இருக்கிறது. எல்லாவற்றையும் கணினியில் சேர்த்துக் கூட்டினால் மக்கள்தொகை வந்துவிடாதா? எதற்கு வாத்தியார்களை வெயிலில் அலையவிட வேண்டும்? அதையும் பத்து வருடத்துக்கு ஒருமுறை?

டெல்டாக்காரன் · 10 ஜனவரி, இரவு 10.40

சரியான கேள்வி. டென்மார்க்கில் 1981லேயே வீடு வீடாகப் போவதை விட்டுவிட்டார்கள். பதிவேட்டைத் திறந்து கூட்டுகிறார்கள், அவ்வளவுதான். நம்மிடம் அதைவிடப் பெரிய பதிவேடு இருக்கிறது. மனசுதான் இல்லை.

கணக்குப்பிள்ளை · 11 ஜனவரி, காலை 7.05

டென்மார்க் சரி. ஆனால் அங்கே 1968லிருந்து ஆளுக்கொரு எண் இருப்பதோடு, வீடு மாறினால் ஐந்து நாளுக்குள் உள்ளாட்சியில் சொல்லியாக வேண்டும் என்ற சட்டமும் இருக்கிறது. சம்பளம், வரி, மருத்துவர், பள்ளி எல்லாம் அந்த முகவரியோடு கட்டப்பட்டிருப்பதால் மக்கள் சொல்லியும் விடுகிறார்கள். ஒரு நபர் இருக்கிறார் என்பதை மட்டும் பதிவேடு சொன்னால் போதாது. அவர் இன்று எந்த வீட்டில் இருக்கிறார் என்றும் சொல்ல வேண்டும். நம் ஆதாரில் பலருடைய முகவரி சொந்த ஊர், ஆள் இருப்பது வேறு ஊர்.

இறந்தவரின் ஆதார் எண் தானாகவும் ரத்தாவதில்லை. குடும்பத்தார் சொல்ல வேண்டும், அல்லது இறப்புப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்து நீக்க வேண்டும். பட்டியலில் சேர ஆளுக்கு ஆதாயம் உண்டு, அதனால் ஓடிவந்து சேர்வார். நீங்கிக்கொள்ள யாருக்கும் ஆதாயம் இல்லை. நிர்வாகப் பட்டியல் எதை எடுத்தாலும் இந்த ஒரு பக்கச் சாய்வு இருக்கும், வருடத்துக்கு வருடம் அது சேர்ந்துகொண்டே போகும்.

கணக்குப்பிள்ளை · 11 ஜனவரி, காலை 7.31

மேலே எழுதியதற்கு ஒரு நல்ல சாட்சி ஜெர்மனி. ஒழுங்கான பதிவேடு வைத்திருக்கும் நாடு. மேற்கு ஜெர்மனியில் கடைசி முழுக் கணக்கெடுப்பு 1987இல். அதற்குப் பிறகு பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, வந்தவரைச் சேர்த்து, போனவரைக் கழித்து ஓட்டினார்கள். 2011இல் பதிவேட்டைக் களத்தில் சரிபார்த்தபோது நினைத்ததைவிடச் சுமார் 15 லட்சம் பேர் குறைவு, 8 கோடியே 2 லட்சம்தான். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்து, பிறகு சொல்லாமலே திரும்பிப் போனவர்கள். பதிவேட்டில் அவர்கள் அங்கேயே குடியிருந்தார்கள்.

பதிவேடு வைத்திருக்கிற நாட்டுக்கே அவ்வப்போது தரையில் இறங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாடிவீடு கேட்ட 'ஏன் திரும்பத் திரும்ப' என்பதற்கு இது பாதி பதில்.

சாவித்திரி_மதுரை · 11 ஜனவரி, காலை 10.20

எனக்கு ஒன்று புரியவில்லை. நவம்பரிலேயே ஒருவர் வந்து படிவம் கொடுத்து, நிரப்பி வாங்கிப் போனாரே. மறுபடியும் வருவார்களா? எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் கொடுத்துவிட்டோம்.

டெல்டாக்காரன் · 11 ஜனவரி, காலை 10.34

அம்மா, அது வாக்காளர் பட்டியல் சிறப்புத் திருத்தம், எஸ்.ஐ.ஆர். தேர்தல் ஆணையத்தின் வேலை. இது வேறு.

கணக்குப்பிள்ளை · 11 ஜனவரி, மதியம் 1.15

அவர் தெரியாமல் கேட்டாலும் நம் பேச்சுக்குத் தேவையான எண்ணைக் கொண்டுவந்துவிட்டார். அந்தத் திருத்தத்துக்கு முன் தமிழ்நாட்டுப் பட்டியலில் 6 கோடியே 41 லட்சம் பெயர். டிசம்பரில் வந்த வரைவில் 5 கோடியே 43 லட்சம். சுமார் 97 லட்சம் பெயர் போய்விட்டது. அதில் இறந்தவர் மட்டும் ஏறக்குறைய 27 லட்சம் என்று ஆணையமே சொன்னது. நீக்கியதில் எத்தனை சரி, எத்தனை தவறு என்பது தனிச் சண்டை, இங்கே வேண்டாம். தவறாக நீங்கியவர்கள் திரும்பச் சேரலாம், எண்ணும் மாறும். ஆனால் வருடா வருடம் திருத்தப்படுகிற ஒரு பட்டியலே இந்த நிலையில் இருந்தது. அதைக் கூட்டி மக்கள்தொகை என்று சொல்ல முடியாது.

மாடிவீடு · 11 ஜனவரி, இரவு 8.50

சரி, பட்டியல் சாய்வு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீடு வீடாகப் போனால் மட்டும் சரியாக வந்துவிடுமா? எங்கள் தெருவில் மூன்றாம் மாடியில் தகரக் கூரை போட்டு இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர்களை யார் எண்ணுவது?

கணக்குப்பிள்ளை · 12 ஜனவரி, காலை 6.48

அந்தத் தகரக் கூரைக்காகத்தான் கணக்கெடுப்பு இரண்டு கட்டமாக நடக்கிறது, வீட்டுப் பட்டியல் ஒன்று, அதன்பின் தலை எண்ணுவது. 2011 முறையை வைத்தே சொல்கிறேன். இந்த முறை கைப்பேசிச் செயலி வந்தாலும் எலும்புக்கூடு அதேதான்.

முதலில் நாடு முழுவதையும் ஓட்டை இல்லாமல் பிளாக்குகளாக வெட்ட வேண்டும். ஒரு பிளாக் என்பது ஒருவர் மூன்று வாரத்துக்குள் முடிக்கக்கூடிய அளவு, அறுநூறு எழுநூறு பேர், நூற்றைம்பது குடும்பம் போல. ஆறு பிளாக்குக்கு ஒரு மேற்பார்வையாளர். தாலுகாவுக்குத் தாசில்தார், நகராட்சிக்கு ஆணையர் பொறுப்பு. பிளாக்குகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது, நடுவில் இடைவெளியும் விழக்கூடாது. வார்டு எல்லை, தாலுகா எல்லை எதையும் டிசம்பர் 31க்குப் பிறகு மாற்றக்கூடாது என்று மாநிலங்களுக்குச் சொன்னது இதற்குத்தான். வேலை நடக்கும்போது ஒரு வார்டை இரண்டாகப் பிரித்தால் நடுவிலுள்ள தெருவை இரண்டு பேர் எண்ணுவார்கள், அல்லது ஒருவரும் எண்ணமாட்டார்கள்.

அடுத்தது வீட்டுப் பட்டியல். கணக்கெடுப்பாளர் தன் பிளாக்கைச் சுற்றி நடந்து, கையால் ஒரு வரைபடம் போடுவார். வடக்கு எங்கே, கோயில் எங்கே, குளம் எங்கே. கான்கிரீட் கட்டடத்துக்குச் சதுரம், ஓலை, மண் வீட்டுக்கு முக்கோணம். கடை, கிடங்கு என்றால் கோடு போட்டு நிழல். கட்டடத்துக்கு ஒரு எண். தெருவிலிருந்தோ பொது முற்றத்திலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ தனி வாசல் உள்ள ஒவ்வொரு பகுதியும் தனி வீடு. அந்த வீட்டுக்குள் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். 23ஆம் கட்டடத்தில் கீழே வீட்டுக்காரர் 23(1), முதல் மாடி 23(2), உங்கள் பையன்களுக்கு வெளிப்படிக்கட்டு இருந்தால் அவர்கள் 23(3).

தவறு நடப்பது இங்கேதான். கணக்கெடுப்பாளர் 23(1) வாசலில் நின்று 'மேலே யாராவது இருக்கிறார்களா' என்று கேட்பார். வரி ஏறிவிடுமோ என்று வீட்டுக்காரர் இல்லை என்பார். மாடி ஏறிப் பார்க்காவிட்டால் 23(3) என்ற எண்ணே உருவாகாது. எண் உருவாகாத வீட்டை இரண்டாம் கட்டத்தில் யாரும் தேடவும் மாட்டார்கள். பூட்டிய வீட்டைக் காலி வீடு என்று எழுதுவதும் இதே ரகம். மின் மீட்டர் ஓடுகிறதா, மாடியில் துணி காய்கிறதா என்று பார்ப்பவர் நல்ல கணக்கெடுப்பாளர்.

வடகரை · 12 ஜனவரி, காலை 9.02

பக்கத்து பிளாக்கோடு ஒட்டும் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லை தெருவின் நடுவில் போகிறதா, வீடுகளின் பின்சுவரில் போகிறதா என்று காகிதத்தில் தெளிவாக இருக்காது. முட்டுச் சந்து என்றால் இரண்டு பேரும் அது மற்றவருடையது என்று விட்டுவிடுவார்கள். மேற்பார்வையாளர் தன் ஆறு வரைபடங்களையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓரங்கள் பொருந்துகிறதா என்று பார்த்தால் பாதி பிடிபடும். ஆனால் அவருடைய ஆறும் வேறொருவருடைய ஆறும் சேரும் ஓரத்தை யார் பார்ப்பது?

கணக்குப்பிள்ளை · 12 ஜனவரி, காலை 9.40

பார்க்க வேண்டியவர் தாசில்தார் அலுவலகம். பார்ப்பதில்லை.

திருப்பூர்_நூல் · 12 ஜனவரி, மாலை 6.25

எங்கள் பக்கம் ஒடிசா, பீகார் பையன்கள் ஒரு லைன் வீட்டில் எட்டுப் பத்து பேர். அவர்களை இங்கே எண்ணுவார்களா, அவர்கள் ஊரில் எண்ணுவார்களா? இரண்டு இடத்திலும் எண்ணினால்? என் மச்சான் துபாயில் இருக்கிறான், அவன் பெயரை என் அக்கா கட்டாயம் சொல்லும். அது தப்பா?

கணக்குப்பிள்ளை · 12 ஜனவரி, இரவு 9.55

உங்கள் மூன்று கேள்விக்கும் ஒரே விதி. 2011இல் தலை எண்ணும் காலம் பிப்ரவரி 9 முதல் 28 வரை. குறிப்பு நேரம் மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு 0 மணி. ஒருவர் வழக்கமாக வசிக்கும் வீட்டில் அந்த இருபது நாளில் ஒரு பகுதியாவது இருந்தால், அல்லது 28க்குள் திரும்பிவிடுவார் என்றால், அங்கேதான் எண்ண வேண்டும். கதவைத் தட்டும் நேரத்தில் வெளியூர் போயிருந்தாலும் சரி. இருபது நாளும் அந்த வீட்டுப் பக்கமே வரமாட்டார் என்றால் அங்கே எண்ணக்கூடாது, எங்கே இருக்கிறாரோ அங்கே எண்ண வேண்டும்.

பீகார் பையன் பிப்ரவரி முழுக்க திருப்பூரில் இருந்தால் திருப்பூர். அவன் அம்மா பீகாரில் அவன் பெயரைச் சொன்னால், அங்குள்ள கணக்கெடுப்பாளர் 'இந்த மாதம் வந்தானா, மாதக் கடைசிக்குள் வருவானா' என்று கேட்டுவிட்டு விட வேண்டும். துபாய் மச்சானும் அப்படியே. மாதம் முழுக்க அங்கேயே இருந்தால் இந்தியக் கணக்கில் அவர் இல்லை. அக்கா வருத்தப்படுவார், ஆனால் அதுதான் விதி.

விதி எளிது, கேட்பதுதான் கடினம். பெயர் சொல்லுங்கள் என்றால் வீட்டில் எல்லாரும் மகன், மருமகன் பெயரைச் சொல்வார்கள். யாருக்கும் மகனை விட்டுச் சொல்ல மனம் வராது. லைன் வீட்டில் இதற்கு நேர் எதிர். எட்டுப் பேர் இருந்தால் விழித்திருப்பவன் நாலு பெயரைச் சொல்வான், மற்ற நாலு பேர் இரவு ஷிப்ட். அதனால் சொந்த ஊரில் கூடுதலாகவும் வேலை செய்யும் ஊரில் குறைவாகவும் விழ வாய்ப்பு அதிகம். திருப்பூருக்கு அது இரட்டை நஷ்டம்.

வடகரை · 12 ஜனவரி, இரவு 10.30

வீடில்லாதவர்களையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு இருபது நாள் விதி கிடையாது. பிப்ரவரி 28 ஒரே இரவில், ரயில் நிலையம், நடைபாதை, பாலத்தடி, கோயில் மண்டபம் என்று எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் எண்ணுகிறார்கள். பகலில் எண்ணினால் ஒருவரே மூன்று பிளாக்கில் வந்துவிடுவார். 2011இல் இப்படி வந்த எண் சுமார் 17.7 லட்சம். ஒரே இரவில் இருட்டில் எண்ணியது என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டிய எண் அது.

ஒரு காலத்தில் எல்லாரையுமே இப்படி ஒரே இரவில்தான் எண்ணினார்கள். 1881 பிப்ரவரி 17 இரவு, நாடு முழுவதும் ஒரே சமயத்தில் நடந்த முதல் கணக்கெடுப்பு. லாந்தரோடு நடப்பவருக்கு வழி தெரிய நிலா வெளிச்சமுள்ள இரவாகப் பார்த்துத் தேதி குறித்தார்கள். 1931 வரை இந்த ஒரே இரவு முறை. 1941இலிருந்துதான் நாட்கணக்கில் எண்ணும் முறை.

மாடிவீடு · 13 ஜனவரி, காலை 8.10

நாட்கணக்கில் எண்ணினால் நடுவில் பிறப்பவர், இறப்பவர்? 12ஆம் தேதி வந்து எழுதிவிட்டுப் போகிறார், 20ஆம் தேதி தாத்தா காலமாகிறார்.

கணக்குப்பிள்ளை · 13 ஜனவரி, காலை 8.44

மார்ச் 1 முதல் 5 வரை அதே கணக்கெடுப்பாளர் அதே வீடுகளுக்கு மறுபடி போக வேண்டும். முதல் முறை வந்ததற்கும் மார்ச் 1 நள்ளிரவுக்கும் நடுவில் பிறந்த குழந்தையைச் சேர்க்க வேண்டும், இறந்தவரை அடிக்க வேண்டும், வேறெங்கும் எண்ணப்படாமல் புதிதாக வந்தவரை எழுத வேண்டும். மார்ச் 1 காலை பிறந்த குழந்தை கணக்கில் வராது. மார்ச் 1 காலை இறந்த தாத்தா கணக்கில் இருப்பார்.

உண்மையில் எத்தனை பேர் இரண்டாம் முறை போகிறார்கள் என்பது வேறு கதை. அது பள்ளித் தேர்வு நெருங்கும் நேரம். சிலர் போனில் கேட்டு முடித்துவிடுவார்கள். பிறந்து பத்து நாளான, இன்னும் பெயர் வைக்காத குழந்தைதான் இதில் முதல் பலி.

சாவித்திரி_மதுரை · 13 ஜனவரி, மதியம் 12.05

என் மாமியார் எங்கள் மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டார். இதற்கும் அபராதம் போடுவார்களா?

வடகரை · 13 ஜனவரி, மதியம் 12.40

மாட்டார்கள். 1948 சட்டத்தில் பதில் சொல்ல மறுப்பது குற்றம்தான், ஆனால் பெண் தன் கணவர் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்று அதிலேயே விலக்கு எழுதியிருக்கிறது. அதே சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி நீங்கள் சொன்ன பதிலை யாரும் கேட்டுப் பார்க்க முடியாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் வைக்க முடியாது. மாடி வாடகை விவகாரம் வெளியே போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

டெல்டாக்காரன் · 13 ஜனவரி, இரவு 7.30

இவ்வளவு ஓட்டை இருக்கிறதென்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் 121 கோடியே 8 லட்சம் என்று கடைசி இலக்கம் வரை போடுவது எதற்கு? எத்தனை விடுபட்டது என்று அவர்களுக்கே தெரியுமா?

கணக்குப்பிள்ளை · 14 ஜனவரி, காலை 7.20

தெரியும். அளக்கிறார்கள். கணக்கெடுப்பு முடிந்தபின் நாடு முழுவதும் சில பிளாக்குகளைக் குலுக்கலில் எடுத்து, முதல் படிவத்தைப் பார்க்காமல், வேறு ஆட்கள் திரும்ப எண்ணுவார்கள். பிறகு இரண்டு பட்டியலையும் ஆள் ஆளாகப் பொருத்திப் பார்ப்பார்கள்.

கற்பனையாக ஒரு பிளாக் எடுப்போம். முதல் கணக்கில் 640 பேர். மறு எண்ணிக்கையில் 655 பேர். இரண்டிலும் இருப்பவர்கள் 610. அப்படியானால் முதலில் மட்டும் இருப்பவர் 30, இரண்டாவதில் மட்டும் இருப்பவர் 45. இரண்டிலும் இல்லாமல் போனவர்களும் இருப்பார்களே, அவர்கள் எத்தனை? இரண்டாம் குழு கண்டுபிடித்த 655 பேரில் முதல் குழு 610 பேரைப் பிடித்திருக்கிறது. அதே விகிதத்தில்தான் முழு பிளாக்கையும் பிடித்திருக்கும் என்று எடுத்துக்கொண்டால்:

```
640 × 655 / 610 = 687
```

முதல் கணக்கு 47 பேரைத் தவறவிட்டிருக்கிறது. இரு குழுவுக்கும் தப்பியவர் இதில் இரண்டே பேர்தான்.

இதை 1949இல் சந்திரசேகரும் டெமிங்கும் எழுதினார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூர் பகுதியில் பிறப்பு இறப்புப் பதிவில் எவ்வளவு விடுபடுகிறது என்று பார்க்கத்தான் முதலில் பயன்பட்டது. பிறகு உலகம் முழுக்கக் கணக்கெடுப்பைச் சோதிக்க எடுத்துக்கொண்டார்கள். இந்திய மறு எண்ணிக்கை இந்தச் சூத்திரத்தை அப்படியே போடுகிறது என்று நான் சொல்லவில்லை. பொருத்திப் பார்க்கும் அடிப்படை இதுதான்.

கணக்குப்பிள்ளை · 14 ஜனவரி, காலை 7.52

முந்தைய குறிப்பில் ஒரு பக்கத்தைத்தான் சொன்னேன். முதலில் மட்டும் இருக்கும் 30 பேரும் நிஜமானவர்களாக இருக்க வேண்டியதில்லை. அதில் 8 பேர் துபாய் மச்சான் ரகம், இருக்கக்கூடாதவர்கள் என்று விசாரித்துத் தெரிந்தால் முதல் கணக்கின் சரியான பகுதி 632தான்.

```
632 × 655 / 610 = 679
```

உண்மை எண் 679, எழுதியது 640. நிகர விடுபாடு 39. ஆனால் விடுபட்டவர்கள் 47, தவறாகச் சேர்ந்தவர்கள் 8. வெளியே அதிகம் பேசப்படுவது நிகர எண்தான். ஊருக்கு ஊர் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால் நிகரம் சின்னதாகத் தெரியும், உள்ளே இரண்டு தவறும் அப்படியே இருக்கும்.

2011க்கு அரசு சொன்ன நிகர விடுபாடு ஆயிரத்துக்கு 23. 121 கோடிக்குப் பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 2 கோடியே 78 லட்சம் பேர். இந்தியாவில் இந்த அளவைக் கொண்டு அதிகாரப்பூர்வ எண்ணைத் திருத்துவதில்லை. எண்ணியது எண்ணியபடி, விடுபாடு தனி அறிக்கை. டெல்டாக்காரன் கேட்ட கடைசி இலக்கம் எண்ணியதைக் காட்டுகிறது, அதன் துல்லியத்தை அல்ல.

வடகரை · 14 ஜனவரி, காலை 11.15

பொருத்துவது சொல்வதுபோல் எளிதல்ல. முதல் குழு 'பட்டுராஜா, 32' என்று எழுதியிருக்கும், இரண்டாம் குழு 'செல்வராஜ், 35' என்று எழுதியிருக்கும். வீட்டுப் பெயரும் பள்ளிப் பெயரும். ஒரே ஆள். இரண்டு ஆள் என்று எடுத்துக்கொண்டால் பொருந்தியது ஒன்று குறைந்து, விடுபாடு பொய்யாக ஏறும். அந்த 610 என்ற எண்ணில் நாலைந்து மாறினாலே விடை எப்படி நகர்கிறது என்று போட்டுப் பாருங்கள்.

மாடிவீடு · 14 ஜனவரி, இரவு 9.30

605 வைத்துப் போட்டேன். 684 வருகிறது. ஐந்து பேர் பெயர்க் குழப்பத்தில் ஐந்தாறு பேர் புதிதாக முளைக்கிறார்கள்.

பொங்கல் நாளில் உட்கார்ந்து இதைப் போடுகிறேன் என்று வீட்டில் திட்டு.

யாழ்_தீவகம் · 16 ஜனவரி, காலை 5.58

இஞ்ச இலங்கையில நிலைமை வேற. 1981க்குப் பிறகு முழுத் தீவையும் எண்ணினது 2012இலதான். 2001இல எடுத்தாங்கள், ஆனா 25 மாவட்டத்தில 18இல மட்டும்தான் முழுசா முடிஞ்சது. யாழ்ப்பாணத்துக்கு முப்பது வருசம் எண்ணே இல்லை. எத்தனை பேர் வெளிநாடு போச்சினம், எத்தனை பேர் இடம்பெயர்ந்தவை, எத்தனை பேர் செத்தவை எண்டு எல்லாம் மதிப்பீட்டோட மதிப்பீடு மோதினதுதான். நடுவில ஒரு எண் விட்டுப்போனா பிறகு எண்ணி அதைப் பிடிக்கேலாது. 2012 எண் 2012இல இருந்தவையைத்தான் சொல்லும்.

டெல்டாக்காரன் · 16 ஜனவரி, காலை 9.10

விடுபடுவதைப் பற்றியே பேசுகிறோம். கூட்டிக் காட்டுவது? ஒரு மாநிலமே பொய் சொன்னால்?

கணக்குப்பிள்ளை · 16 ஜனவரி, இரவு 8.15

நடந்திருக்கிறது. நாகாலாந்து. 1991இல் 12.1 லட்சம். 2001இல் 19.9 லட்சம், பத்தாண்டில் 64.5 சதவீதம் வளர்ச்சி. வருடத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல். பிறப்பு, இறப்பு வித்தியாசத்தால் மட்டும் எந்தச் சமூகமும் அந்த வேகத்தில் வளராது. மிச்சத்துக்கு லட்சக்கணக்கில் வெளியாட்கள் குடியேறியிருக்க வேண்டும், அப்படிக் குடியேறியதற்கு அடையாளமில்லை.

காரணம் தொகுதி. 2001 எண்ணை வைத்துத் தொகுதி எல்லை மாற்றப்போகிறார்கள் என்று தெரிந்திருந்தது. கிராமம் கிராமமாக, எந்த இனக்குழு அதிகமோ அதற்கு இடம் அதிகம். எண்ணிக்கைக்கு வந்தவரும் அதே ஊர்க்காரர். நகரத்தில் வேலை செய்பவரை நகரத்திலும் எழுதினார்கள், சொந்த ஊரிலும் எழுதினார்கள். அந்த எண்ணை மாநில அரசே ஏற்க மறுத்தது. 2011இல் மாநில அரசும் ஊர் அமைப்புகளும் சேர்ந்து கவனமாக எண்ணியபோது 19.8 லட்சம்தான் வந்தது. பத்தாண்டு கழித்து மக்கள்தொகை குறைந்த மாநிலம் என்று பதிவாயிற்று. குறைந்தது பெரும்பாலும் காகிதத்தில் மட்டும்.

மணிப்பூரில் சேனாபதி மாவட்டத்தின் மூன்று உட்கோட்டங்களில் 2001 முடிவையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

திரும்ப எண்ணுவதன் ஒரு பயன் இது. ஒரு எண் பொய்யா என்று சொல்ல இரண்டு எண் வேண்டும், மூன்று இருந்தால் நல்லது.

வடகரை · 16 ஜனவரி, இரவு 9.05

உட்கார்ந்த இடத்தில் படிவம் நிரப்புவதையும் எண்களை வைத்தே கண்டுபிடிக்கலாம். வயது தெரியாதவர்கள் 30, 35, 40 என்றுதான் சொல்வார்கள், அது இயல்பு. ஆனால் அதே தாலுகாவில் ஒரு பிளாக்கில் மட்டும் எல்லா வயதும் 0, 5இல் முடிந்தால் யாரும் யாரையும் கேட்கவில்லை என்று அர்த்தம். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தையே இல்லாத பிளாக்கும் அப்படியே. டீக்கடையில் உட்கார்ந்து எழுதுபவருக்குக் குழந்தைகளைக் கற்பனை செய்ய நேரமிருக்காது.

மாடிவீடு · 17 ஜனவரி, காலை 7.45

சரி, இப்போது மிச்சப் பாதிக் கேள்வி. பத்து வருடத்துக்கு ஒருமுறை என்ன அவசியம்? 2011 எண்ணோடு வளர்ச்சி விகிதத்தைச் சேர்த்து ஓட்டினால் போதாதா? 2021இல் எடுக்கவில்லை, உலகம் நின்றா போயிற்று?

கணக்குப்பிள்ளை · 17 ஜனவரி, இரவு 10.20

நிற்கவில்லை, பழைய எண்ணிலேயே ஓடியது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் பேருக்குத் தானியம் என்கிறது. எத்தனை பேர் என்பதைக் கடைசியாக வெளியான கணக்கெடுப்பை வைத்துக் கணிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2011 எண்ணில் அது 81.35 கோடி. மாநிலத்துக்கு மாநிலம் அந்த உச்சவரம்பு அப்படியே உறைந்து நிற்கிறது. 2016இல் கல்யாணமாகி 2018இல் குழந்தை பெற்றவர் புதுப் பெயர் சேர்க்கப் போனால், பல மாநிலங்களில் ஒருவர் நீங்கினால்தான் இடம். ஜார்க்கண்ட், பீகார் பக்கம் இதுதான் வாடிக்கை. மக்கள்தொகைக் கணிப்பின்படி வரம்பை உயர்த்தலாமே என்று பொருளாதார அறிஞர்கள் கேட்டார்கள், 10 கோடிப் பேருக்கு மேல் வெளியே நிற்கிறார்கள் என்று மதிப்பிட்டார்கள். அடுத்த கணக்கெடுப்பு வரட்டும் என்ற பதில்தான் வந்தது.

தமிழ்நாட்டில் இது தெரியாததற்குக் காரணம், இங்கே எல்லாருக்கும் அட்டை. மத்திய ஒதுக்கீடு சுமார் 3.64 கோடிப் பேருக்குத்தான், மிச்சத்தை மாநிலம் தன் கையிலிருந்து வாங்கிப் போடுகிறது.

கணக்குப்பிள்ளை · 17 ஜனவரி, இரவு 10.49

கணிப்பைப் பற்றி. மாநில அளவில் கணிப்பு மோசமில்லை. பிறப்பு விகிதமும் இறப்பு விகிதமும் மெதுவாகத்தான் மாறும். தாலுகாவுக்குக் கீழே போனால் அது கைவிட்டுவிடும், ஏனென்றால் அங்கே எண்ணை மாற்றுவது பிறப்பல்ல, இடப்பெயர்வு. 2011இல் வயலாக இருந்த ஓ.எம்.ஆர். பக்கத்து ஊரில் இன்று நாற்பது அடுக்குமாடி. எந்த வளர்ச்சி விகிதத்தைப் பெருக்கினாலும் அது வராது.

இன்னொன்று, பெரிய மாதிரி ஆய்வுகள் பலவும் எந்தக் கிராமம், எந்த நகர பிளாக் என்று தேர்ந்தெடுப்பது கணக்கெடுப்புப் பட்டியலிலிருந்து. பட்டியலில் இல்லாத குடியிருப்பு ஆய்விலும் வராது. அது விடுபட்டது என்று ஆய்வின் எண்ணைப் பார்த்தும் தெரியாது. கணிப்பைச் சரிபார்க்கலாம் என்று எடுக்கும் ஆய்வும் அதே பழைய பட்டியலில் நிற்கிறது.

டெல்டாக்காரன் · 18 ஜனவரி, காலை 8.30

உண்மைக் காரணத்தை யாரும் சொல்லவில்லை. தொகுதி மறுவரையறை. 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வந்தால் தமிழ்நாட்டின் 39 மக்களவை இடம் தானாகக் குறையும். அதற்காகத்தான் 2027.

வடகரை · 18 ஜனவரி, காலை 9.55

'தானாக' என்பது தவறு. மக்களவை இடப் பகிர்வு 1971 எண்ணில் உறைந்திருப்பது 1976 திருத்தத்தால். அதை 2026 வரை நீட்டியது 2001இன் 84ஆவது திருத்தம். அதற்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வந்ததும் தடை விலகும், அவ்வளவுதான். இடத்தைப் பங்கிட நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்து, ஆணையம் அமைக்க வேண்டும். மொத்த இடத்தைக் கூட்டுவார்களா, அப்படியே வைத்துப் பங்கிடுவார்களா, உறைவை நீட்டுவார்களா என்பதை எந்தக் கணக்கெடுப்புப் படிவமும் தீர்மானிக்காது. தேதியைப் பற்றி நீங்கள் சந்தேகப்படுவது அரசியல் கேள்வி. அதை இல்லை என்று நான் சொல்ல முடியாது.

டெல்டாக்காரன் · 18 ஜனவரி, காலை 10.02

எண் கையில் வந்துவிட்டால் சட்டம் வர எத்தனை நாளாகும்? பார்க்கத்தானே போகிறோம்.

திருப்பூர்_நூல் · 18 ஜனவரி, இரவு 9.40

இந்த முறை நாமே இணையத்தில் நிரப்பலாமாமே? அப்படியானால் லைன் வீட்டுப் பையன்கள் பிரச்சினை தீருமா?

கணக்குப்பிள்ளை · 19 ஜனவரி, காலை 7.10

வீட்டுப் பட்டியல் கட்டத்தில் களப்பணி தொடங்குவதற்கு முந்தைய 15 நாள் அந்த வசதி. நிரப்பினால் ஒரு எண் வரும், கணக்கெடுப்பாளர் வரும்போது அதைக் காட்ட வேண்டும். அவர் வருவது நிற்காது. மாடிவீட்டுக்காரர் போன்றவர்களுக்கு வேலை குறையும். லைன் வீட்டுப் பையன்கள் தானாக நிரப்புவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நன்மை, சுலபமான வீடுகளில் நேரம் மிச்சமானால் அந்த நேரத்தை லைன் வீட்டில் செலவிடலாம். ஒரு பயம், மிச்சமான நேரத்தை யாரும் அங்கே செலவிடமாட்டார்கள்.

வடகரை · 19 ஜனவரி, காலை 8.25

எனக்கு வேறொரு பயம். துபாய் மச்சான் பெயரை வாசலில் நின்று கேட்பவராவது 'இந்த மாதம் வந்தாரா' என்பார். அக்கா தானே கைப்பேசியில் நிரப்பினால் அந்தக் கேள்வியை யார் கேட்பது? கட்டடத்தைச் செயலியில் இடக்குறி வைத்துப் பதிவதால் வீடு விடுபடுவது குறையலாம். ஆள் கூடுவது அதிகமாகலாம். நிகர எண் அழகாக வரும்.

சாதியும் இந்த முறை உண்டு. 1931இல் 4,147 பெயர். 2011 சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பில் சொன்னதைச் சொன்னபடி எழுதவிட்டு 46 லட்சத்துக்கு மேல் பெயர் வந்து நின்றது. எழுத்துப் பிழை, உட்பிரிவு, பட்டம், கோத்திரம் எல்லாம் சேர்த்து. முன்கூட்டியே பட்டியல் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்களா, எழுதச் சொல்வார்களா? அதற்குத் தனி இழை தேவை.

மாடிவீடு · 19 ஜனவரி, இரவு 9.15

தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். எங்கள் தெரு வீட்டுக்காரரிடம் 15ஆம் பிரிவைச் சொல்லிப் பார்த்தேன். 'வரி ஆபீசுக்குப் போகாதுன்னு எழுதிக் குடுப்பாங்களா' என்று கேட்கிறார்.

கணக்குப்பிள்ளை · 20 ஜனவரி, காலை 6.55

எழுதிக் கொடுக்க மாட்டார்கள். வெளிப்படிக்கட்டு தெருவிலிருந்து தெரிகிறதா? தெரிந்தால் வருபவரிடம் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள், அவரிடம் கேட்க வேண்டாம்.